பள்ளி விளையாட்டு விழாவை இரண்டு கேமராக்களில் எடுப்பது: ஒன்று பந்துக்கு, ஒன்று முகங்களுக்கு

கால்பந்து இறுதிப் போட்டியை எடுக்கப் போகிறோம். இரண்டு கேமராக்களையும் எங்கே நிறுத்துவது?

முதல் கேமராவுக்கு நடுக்கோட்டுக்கு நேரே, முடிந்தவரை உயரத்தில் இடம் பிடியுங்கள். தரையில் நின்று எடுத்தால் வீரர்கள் ஒருவரையொருவர் மறைப்பார்கள். பந்து யாருடைய காலில் இருக்கிறது என்றே தெரியாது. மூன்று, நான்கு மீட்டர் உயரம் கிடைத்தாலே ஆட்களுக்கு இடையில் புல்தரை தெரியத் தொடங்கும், யார் யாருக்குப் பந்தைத் தள்ளுகிறார் என்பது புரியும். முதல் மாடி வராந்தாவும் சரி, பார்வையாளர் படிக்கட்டின் உச்சியும் சரி. ஆனால் ஆட்கள் நடந்தால் அதிரும் பலகை மேடை வேண்டாம். ஜூம் செய்ததும் அந்த அதிர்வு பல மடங்காகப் படத்தில் தெரியும்.

எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பதும் நல்லதல்ல. பந்து உங்கள் காலடியில் ஓடும்போது கேமராவை வெகு வேகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் பின்வாங்கினால் அதே ஓட்டத்தை நிதானமாகத் தொடரலாம். போட்டி நடக்கும் நேரத்தில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலைப் போட்டிக்கு இடம் முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

இரண்டாம் கேமரா தரையில், முகங்கள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பலர் அதைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வைத்து அதையும் பந்தைத் துரத்தச் சொல்கிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் தெரியும்: ஒரே உதையின் இரண்டு படங்கள் கையில் இருக்கும், வெட்டிச் செல்ல வேறு எதுவும் இருக்காது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் கோலுக்குப் பின்னால் கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே முகங்களுக்கென்று தனிக் கேமராக்கள் வேறு இருக்கின்றன. உங்களிடம் இருப்பது இரண்டே.

பந்தைத் தொடரும்போது படம் தடுமாறுகிறது. ஒவ்வொரு நீண்ட உதையிலும் பந்தைத் தவறவிடுகிறேன்.

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஜூம் மிக நெருக்கமாக இருக்கிறது. இரண்டு, பந்தையே பார்க்கிறீர்கள்.

முதலில் ஜூமைப் பார்ப்போம். பந்து வைத்திருப்பவரும், அவரை மறிப்பவரும், அடுத்ததாகப் பந்து போகக்கூடிய ஓரிருவரும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஒவ்வொரு உதையும் படத்தைவிட்டு வெளியே போகும், நீங்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். திருப்புவதையும் ஜூம் செய்வதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற நேரத்தில் ஜூமை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த இடைவெளி வரை அதைத் தொடாதீர்கள். கோல் பகுதிக்குள் நுழையும்போது மட்டும் மெல்ல நெருங்கலாம். அதுவும் கை பழகிய பிறகு.

அடுத்தது கண். உயரமாக உதைத்த பந்தைக் கேமரா வானத்தில் துரத்தினால் நீல வெளியில் ஒரு புள்ளிதான் கிடைக்கும், அதுவும் நழுவும். பந்து காற்றில் இருக்கும்போது வீரர்களைப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தி ஓர் இடத்தை நோக்கி ஓடுவார்கள். பந்து விழப்போவது அங்கேதான். கேமராவை அங்கே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருங்கள், பந்து தானாகச் சட்டகத்துக்குள் இறங்கும். இதற்காக ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணைக் களத்திலும் வைத்திருக்கப் பழக வேண்டும். சின்னத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அடுத்து நடக்கப்போவது தெரிய வழியே இல்லை.

பந்து போகும் திசையில் சட்டகத்தில் கூடுதல் இடம் விடுங்கள். வலப்பக்கம் ஓடுகிறவர் படத்தின் இடப்பாதியில் இருக்கட்டும். அவர் சட்டென நின்றாலும் திரும்பினாலும் கையைத் திருத்த உங்களுக்கு ஒரு கணம் கிடைக்கும்.

முக்காலியின் தலைப்பகுதியில் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். அதை முழுவதும் தளர்த்தினால் கேமரா துள்ளும், இறுக்கினால் திக்கித் திக்கி நகரும். ஒரே விரலால் கைப்பிடியைத் தள்ளும்போது வழுக்காமல், சிக்காமல் நகரும் அளவுக்கு வையுங்கள். முக்காலியின் ஒரு கால் களத்தை நோக்கி இருக்கட்டும். அப்போது மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே நீங்கள் இடறாமல் நிற்கலாம்.

கடைசியாக ஒன்று. கோல் விழுந்த பிறகு வலைக்குள் கிடக்கும் பந்தை யாரும் பார்க்கப் போவதில்லை. பந்து கோட்டைத் தாண்டிய அந்தக் கணமே அடித்தவரிடம் போய்விடுங்கள், அவர் எங்கே ஓடினாலும் விடாதீர்கள்.

தானியங்கி ஃபோகஸ், தானியங்கி வெளிச்சம் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாமா?

வெளிச்சத்தை விடக் கூடாது. வெள்ளைச் சீருடைக் கூட்டம் ஒன்று சட்டகத்துக்குள் வந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அவர்கள் போனதும் மறுபடி வெளுக்கும். வெள்ளைச் சட்டையில் மடிப்புகள் தெரியும் அளவுக்கு ஒருமுறை பார்த்துப் பூட்டிவிடுங்கள். மேகம் மறைத்தால் மட்டும் ஆட்டம் நிற்கும்போது மாற்றுங்கள். வெள்ளைச் சமநிலையையும் இரண்டு கேமராக்களிலும் ‘வெயில்’ என்ற ஒரே நிலையில் வைத்துவிட்டால், ஒன்றில் புல் பச்சையாகவும் மற்றொன்றில் மஞ்சளாகவும் வந்து எடிட்டிங்கில் வேலை வைக்காது.

ஃபோகஸைப் பொறுத்தவரை, உயரத்தில் இருக்கும் முதல் கேமராவுக்குக் கையால் வைப்பதே பாதுகாப்பு. நடுக்களத்தில் நிற்கும் ஒருவர்மீது ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துளையை f/8 அளவில் சுருக்கினால், மிதமான ஜூமில் களத்தின் பெரும்பகுதி தெளிவாகவே இருக்கும். தானியங்கியில் விட்டால், குறுக்கே நடந்துபோகும் யாரோ ஒருவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு கேமரா சில நொடி களத்தையே மறந்துவிடும். முகங்களை எடுக்கும் இரண்டாம் கேமராவில் முகத்தை அடையாளம் காணும் ஃபோகஸ் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது அதற்காகவே இருப்பது.

நொடிக்கு 50 ஃபிரேம், ஷட்டர் 1/250. இதை இரண்டிலும் ஒன்றுபோல வையுங்கள். பந்து கோடுபோல இழுபடாமல் தெரியும். 25 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் ஓட்டினாலும் துள்ளாது.

இரண்டாம் கேமராக்காரர் உண்மையிலேயே ஆட்டத்தைப் பார்க்கவே கூடாதா? கோல் விழும்போது எப்படித் திரும்பாமல் இருப்பது?

பார்க்கக் கூடாது. இந்த வேலையில் கடினமான பகுதி அதுதான். பின்னால் ஆரவாரம் வெடிக்கும்போது மனித உடம்பு தானாகத் திரும்பும், கேமராவும் கூடவே ஆடும். கோலைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆவல் உள்ளவரை முதல் கேமராவில் நிறுத்துங்கள். கால்பந்தில் அவ்வளவு ஆர்வம் இல்லாதவர் இங்கே பெரும்பாலும் சிறப்பாகச் செய்வார்.

அவர் ஆட்டத்தைக் காதால் தொடர வேண்டும். பந்து நடுக்களத்தில் இருக்கும்போது கூட்டம் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். யாராவது தனியே பந்தோடு முன்னேறினால் பேச்சு நிற்கும், சிலர் எழுந்து நிற்பார்கள், ஒரு பெயரைக் கத்தத் தொடங்குவார்கள். அந்த மாற்றம் கேட்டதும் மூன்று முதல் ஐந்து முகங்கள் உள்ள ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுத்து நின்றுவிட வேண்டும். அதன் பிறகு என்ன நடந்தாலும் நகரக் கூடாது. பக்கத்தில் வேறு யாரோ இன்னும் பெரிதாகத் துள்ளுகிறார்கள் என்று கேமராவைத் திருப்பினால், திருப்பும் நேரத்தில் இரண்டும் போய்விடும். கையில் கிடைப்பது கலங்கிய முதுகுகள்.

எடிட் செய்பவருக்கு அதிகம் உதவுவது துள்ளல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். துள்ளலுக்கு முந்தைய ஒரு நொடி, அதாவது வாய் பாதி திறந்து, கை பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்றியிருக்கும் அந்த நொடி, அதைவிட மதிப்புள்ளது. அதற்காகத்தான் முன்கூட்டியே நிற்கச் சொல்கிறேன். அதேபோல ஆரவாரம் ஓய்ந்த பிறகும் எட்டுப் பத்து நொடி அதே சட்டகத்தில் இருங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். ஒருவர் தன் நண்பரிடம் கோலை மறுபடி நடித்துக் காட்டுவார். இவற்றைத் திட்டமிட்டு எடுக்க முடியாது, காத்திருந்தால்தான் கிடைக்கும்.

பந்து வெளியே போய் ஆட்டம் நிற்கும் நேரங்களில் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேருங்கள்: கைதட்டும் கைகள், அணிக்கொடி, கடிகாரம் பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர், மாற்று வீரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச், ஸ்கோர் பலகை. ஒவ்வொன்றும் அசையாமல் பத்து நொடி. கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீசி எடுப்பதை விட்டுவிடுங்கள். அப்படி எடுத்த படத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் உறுத்தும்.

படத்தில் பந்து வலப்பக்கம் போகிறது. அடுத்த ஷாட்டில் கூட்டம் இடப்பக்கம் பார்க்கிறது. ஏன் இப்படி?

இரண்டாம் கேமரா கூட்டத்துக்கு நேர் எதிரே, களத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கும். அப்படி நின்றால் உங்கள் வலமும் முதல் கேமராவின் வலமும் எதிரெதிராகிவிடும். கூட்டம் சரியான கோலைத்தான் பார்த்தது, படத்தில் மட்டும் தலைகீழாக வந்துவிட்டது. பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ‘இவர்கள் வேறு எதையோ பார்க்கிறார்கள்’ என்று தோன்றும்.

கூட்டம் முதல் கேமரா இருக்கும் அதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தீர்வு இது: இரண்டாம் கேமராவைக் கூட்டத்தின் முனையில், வரிசைகளை நீளவாட்டில் பார்க்கும்படி நிறுத்துங்கள். எந்த முனை? முதல் கேமராவின் படத்தில் வலக் கோலை நோக்கித் தாக்குதல் நடந்தால் கூட்டத்தின் வலமுனை. இடக் கோல் என்றால் இடமுனை. வலமுனையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது களம் உங்கள் படத்தின் வலப்பக்கத்தில் இருக்கும். முகங்கள் வலப்பக்கம் பார்க்கும், பந்து உங்கள் முனைக்கு வரும்போது கேமராவை நோக்கியும் சற்றுத் திரும்பும். திசையும் பொருந்தும், முகமும் முழுதாகக் கிடைக்கும்.

இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பது உண்மை. நான் செய்வது இது: ஓர் அணியின் ஆதரவாளர்களைத் தேர்ந்துகொள்வேன். நீல அணி முதல் பாதியில் வலப்பக்கம் தாக்கினால், வலமுனையில் நீலக் கூட்டத்தோடு. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், இரண்டாம் கேமராவும் கூடவே மறுமுனைக்கு மாறும். மறுபக்கம் சிவப்பு அணி கோல் போட்டுவிட்டால்? கோலுக்கு முந்தைய பதற்றம் பின்தலைகளாகத்தான் கிடைக்கும். ஆனால் கோலுக்குப் பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், தலையில் கைவைப்பார்கள். அந்தப் படத்துக்குத் திசை இல்லை, எங்கும் வைக்கலாம்.

கூட்டம் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் கேமராவின் பக்கத்திலிருந்தே நீண்ட ஜூமில் எடுங்கள். வலம் வலமாகவே இருக்கும், வெயிலும் அவர்கள் முகத்தில் விழும். நெருக்கம் கொஞ்சம் குறையும், கூட்டத்தின் சத்தமும் தூரத்தில் கேட்கும்.

தவறாக எடுத்துவிட்ட படத்தை எடிட்டிங்கில் இடவலமாகப் புரட்டிவிடலாம் என்று யோசனை வரும். சட்டை எண்களும் பதாகை எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். எழுத்தே இல்லாத நெருக்கமான முகம் என்றால் மட்டும் தப்பிக்கலாம்.

கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் கையாட்டுகிறார்கள், விரலைக் காட்டுகிறார்கள். ஓர் இயல்பான முகம்கூடக் கிடைக்கவில்லை.

போட்டி தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகவே கேமராவை நிறுத்திவிடுங்கள். முதலில் எல்லோரும் கையாட்டுவார்கள், ஆட்டட்டும். எதிர்வினை எதுவும் கிடைக்காவிட்டால் சலித்துப்போவார்கள். நீங்கள் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, முகத்தை அவர்களுக்கு நேராகத் திருப்பாமல் இருந்தால் இன்னும் விரைவில் மறந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்வது அருகில் போய் நிற்பதைவிட எவ்வளவோ மேல். பதிவாவதைக் காட்டும் சிவப்பு விளக்கை அணைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆட்டம் சூடுபிடித்த பிறகு கேமராவை யாரும் சட்டை செய்வதில்லை. கையாட்டல் தொடர்கிறது என்றால் ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்துக் கூட்டத்தைப் படத்தில் காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டு கேமராக்களின் படத்தையும் நேரம் பொருத்த நடுவரின் விசிலைப் பயன்படுத்தினேன். எப்போதும் கொஞ்சம் தள்ளியே வருகிறது.

ஒலியின் வேகம்தான் காரணம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. விசில் ஊதிய இடத்திலிருந்து ஒரு கேமரா மற்றதைவிட 70 மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால், அதில் விசில் ஐந்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகப் பதிகிறது. நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் அது 10 ஃபிரேம். ஒலி அலைகளைப் பார்த்துத் தானாகப் பொருத்தும் மென்பொருளும் இதே தவற்றைத்தான் செய்யும். அதற்குத் தொலைவு தெரியாது.

ஆகவே, தொடங்கும் முன் இரண்டு கேமராக்களையும் அருகருகே வைத்து, இரண்டிலும் பதிவை ஓடவிட்டு, இரண்டுக்கும் தெரியும்படி ஒருவர் ஓங்கிக் கைதட்டட்டும். பிறகு பதிவை நிறுத்தாமலே இரண்டாம் கேமராவை அதன் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எடிட்டிங்கில் கைகள் சேரும் ஃபிரேமைக் கொண்டு பொருத்தினால் சரியாக இருக்கும். முடிவிலும் இதேபோல ஒருமுறை தட்டிவிடுங்கள். கேமராக்களின் உள்கடிகாரங்கள் நீண்ட பதிவில் ஓரிரு ஃபிரேம் விலகுவது உண்டு. கடைசிக் கைதட்டல் விலகலைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசியைக் கேமராவாகப் பயன்படுத்தினால் விலகல் அதிகமாகலாம். அது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதியாமல் ஏற்ற இறக்கமாகப் பதியக்கூடும். எடிட்டிங்குக்கு முன்பே அந்தக் கோப்பைச் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பாதி ஆட்டம் முடியும் வரை பதிவை நிறுத்தக் கூடாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா மணிக்கு ஏறத்தாழ 45 ஜிபி நிரப்பும். கார்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். புகைப்படக் கேமராக்களில் சில, குறிப்பாகப் பழைய மாடல்கள், அரை மணி நேரம் நெருங்கும்போது தாமாகவே பதிவை நிறுத்திவிடும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியென்றால் ஆட்டம் நிற்கும் ஒரு நேரத்தில் நீங்களே நிறுத்தி, உடனே தொடங்கி, மறுபடி நேரம் பொருத்த ஏதேனும் ஓர் உதையின் படத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

ஒரு கோலை எடிட்டில் எப்படி அடுக்குவது? எங்கே வெட்டுவது என்றே குழப்பமாக இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். நீல அணியின் வலப்பக்க வீரர் பந்தைப் பெற்று ஓடுகிறார், உள்ளே அனுப்புகிறார், ஒருவர் உதைக்கிறார், கோல்கீப்பர் குத்தித் தள்ளுகிறார், திரும்பி வந்த பந்தை இன்னொருவர் உள்ளே தட்டுகிறார்.

வீரர் பந்தைப் பெறுவதிலிருந்து பந்து கோட்டைத் தாண்டும் வரை, சுமார் எட்டு நொடி, முதல் கேமராவை வெட்டவே வெட்டாதீர்கள். கோல்கீப்பர் தடுத்ததும் கூட்டத்தைக் காட்டும் ஆசை வரும். காட்டினால் திரும்பி வந்த பந்தைப் பார்ப்பவர் தவறவிடுவார். கோல் எப்படி விழுந்தது என்று புரியாமல் எரிச்சலடைவார். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்வரை முகத்துக்குப் போவதில்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பந்து கோட்டைத் தாண்டி அரை நொடி கழித்து, அடித்தவரின் கைகள் மேலே எழத் தொடங்கும்போது வெட்டுங்கள். அடுத்தது இரண்டாம் கேமரா, மூன்று நொடி. அதை அதே கணத்திலிருந்து தொடங்காமல் அரை நொடி பின்னுக்கு இழுத்து, கூட்டம் துள்ளுவதற்குச் சற்று முன்னிருந்து தொடங்குங்கள். உறைந்த முகம், பிறகு வெடிப்பு. அரை நொடி நேரம் இரண்டு முறை வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. அதே கணத்திலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே காற்றில் இருக்கும் ஆட்களைக் காட்ட வேண்டியிருக்கும், அவர்கள் எழுந்த வேகம் போய்விடும்.

பிறகு முதல் கேமராவுக்குத் திரும்பி, ஓடும் வீரரும் அவர்மீது விழும் தோழர்களும், மூன்று நொடி. அடுத்து இரண்டாம் கேமராவில் அமைதியான ஒரு முகம், இரண்டு நொடி; கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கும் ஆசிரியர் கிடைத்தால் பிரமாதம். அதன் பின் கடைசி உதை பாதி வேகத்தில் மறுபடி: உண்மையில் மூன்று நொடி, திரையில் ஆறு. கடைசியாகக் கூட்டம் உட்காரும் படம் மூன்று நொடி. அங்கிருந்து நடுக்களத்தில் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குப் போய்விடலாம். மொத்தம் 25 நொடி. இடையில் வீரர்கள் தங்கள் இடத்துக்கு நடந்துபோன நேரம் முழுவதும் அந்தக் கடைசி முகங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஒலியைப் படத்தோடு சேர்த்து வெட்டாதீர்கள். கூட்டத்தின் அருகிலிருக்கும் இரண்டாம் கேமராவின் ஒலியைக் கோலுக்கு ஒரு நொடி முன்பே மெல்ல ஏற்றி, இந்த 25 நொடி முழுவதும் ஒரே நீளமாக ஓடவிடுங்கள். படங்கள் மாறினாலும் ஆரவாரம் ஒன்றாகவே இருப்பதால் எல்லாம் ஒரே கணத்தில் நடப்பதாகத் தோன்றும். மெதுவாக ஓடும் பகுதியிலும் ஒலி இயல்பான வேகத்திலேயே இருக்கட்டும். முதல் கேமராவின் ஒலியைக் கேட்காமல் சேர்த்துவிட வேண்டாம், கேமராக்காரரே ‘கோல்!’ என்று கத்தியிருப்பார், அது மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்கும்.

கோலின்போது நல்ல முகம் கிடைக்கவில்லை. வேறு நேரத்தில் எடுத்த துள்ளலை ஒட்டிக்கொள்ளலாமா?

பதற்றமான முகம், கைதட்டல், கொடி ஆகியவற்றை அதே போட்டியின் வேறு நிமிடத்திலிருந்து எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கோலுக்கான கொண்டாட்டத்தை அப்படி இரவல் வாங்குவதை விரும்புவதில்லை. அதைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும். நீல அணிப் பட்டை அணிந்த சிறுமி சிவப்பு அணியின் கோலுக்குக் குதிப்பதுபோல் வந்துவிட்டால் அவள் வகுப்பில் அது வெகுநாள் ஓடும்.

எப்படியும் இரவல் வாங்குவதானால் முன்பே மூன்றைச் சரிபாருங்கள்: சட்டை நிறம், பின்னணியில் தெரியும் ஸ்கோர் பலகை, நிழலின் நீளம். பிற்பகலில் நிழல் வேகமாக நீளும். முதல் பாதியின் முகத்தை ஆட்டத்தின் இறுதியில் வைத்தால் வெயிலின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆள் நான் ஒருவன்தான். இரண்டு கேமரா இருந்து என்ன பயன்?

பயன் உண்டு. இரண்டாம் கேமராவை 4கே தரத்தில், முனையில் முக்காலியில் பொருத்தி, பத்துப் பதினைந்து பேர் தெரியும்படி அகலமாக வைத்துப் பதிவை ஓடவிட்டுப் போய்விடுங்கள். இறுதிப் படம் 1920×1080 அளவில்தான் வெளியாகும் என்றால், 3840×2160 படத்திலிருந்து அகலத்தில் பாதியை வெட்டி எடுத்தாலும் தரம் குறையாது. நாலைந்து முகங்கள் கொண்ட நெருக்கமான சட்டகத்தை எடிட்டிங்கில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆளில்லாத கேமராவைக் கண்டு பிள்ளைகளும் விரைவில் மறந்துவிடுகிறார்கள். முக்காலியின் காலை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மூத்த மாணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அதே நாளில் ஓட்டப் பந்தயமும் உண்டு. அதற்கும் இதே அமைப்பா?

வேலைப் பங்கீடு இதேதான், இடம் மட்டும் மாறும். முதல் கேமரா இறுதிக்கோட்டுக்குச் சற்று முன்னால், உயரத்தில். இரண்டாம் கேமரா இறுதிக்கோட்டுக்கு அப்பால், கூட்டம் இருக்கும் பக்கத்தில். இரண்டும் ஓடுதடத்தின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்; எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் ஒரே ஓட்டம் ஒரு ஷாட்டில் வலமாகவும் அடுத்ததில் இடமாகவும் ஓடும். தொடர் ஓட்டத்தில் கைக்கோல் மாறும் இடத்தில் கூட்டத்தைவிட, காத்திருக்கும் அடுத்த ஓட்டக்காரரின் முகம்தான் இரண்டாம் கேமராவுக்கு வேண்டியது.

கோல் வாங்கிய கோல்கீப்பர் அழுகிறான். நெருக்கமாக எடுத்திருக்கிறோம். சேர்க்கலாமா?

நான் சேர்க்க மாட்டேன். அவன் முதுகைக் காட்டி நிற்பதும், ஒரு தோழன் வந்து தோளில் கைபோடுவதும் அகலமான ஷாட்டில் இருந்தால் அது போதும், தோல்வி புரிந்துவிடும். அது இல்லையென்றால் தோற்ற அணியின் ஆதரவாளர்கள் எழுந்து நின்று தட்டும் படம் அந்த இடத்தை நிரப்பும், பெரும்பாலும் அதைவிட நன்றாக.

யார் யாரை எடுக்கக் கூடாது என்று பள்ளியிடம் போட்டிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில பெற்றோர் அனுமதி தந்திருக்க மாட்டார்கள், அந்தப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வகுப்பாசிரியர் ஒருவர் இரண்டாம் கேமராக்காரருக்கு நேரில் காட்டிவிட்டால், அவர் சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த வரிசையைத் தவிர்த்துவிடுவார். எடிட்டிங்கில் முகத்தை மங்கலாக்கி மறைக்கலாம் என்று ஒத்திப்போட்டால், அகலமான கூட்டக் காட்சி ஒவ்வொன்றிலும் அந்த ஒரு முகத்தைத் தேடி ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்திருக்க நேரிடும்.